வலிக்கு முன் மூச்சு: அறுவை சிகிச்சைக்கு மறுநாள் ஒரு பராமரிப்புத் திட்டம் உருவாகும் விதம்

அறுவை சிகிச்சை வார்டில் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவ மாணவிகளுக்கு ஒரு குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. பாடநூலில் உள்ள மாதிரி கேர் பிளானை அச்சுப் பிசகாமல் எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் மருத்துவப் பிழை எதுவும் இருக்காது. ஆனாலும் ஆசிரியர் சிவப்பு மையால் பாதியை அடித்துத் திருப்பித் தருகிறார். ‘வலியைக் குறைத்தல்’, ‘தொற்றைத் தடுத்தல்’, ‘மனத் தைரியம் அளித்தல்’ என்ற வரிகளில் என்ன தவறு என்று அவர்களுக்குப் புரிவதில்லை.

அந்த வரிகள் வார்டில் உள்ள எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தும். எல்லாருக்கும் பொருந்தும் வரியை வைத்துக்கொண்டு அடுத்த ஆறு மணி நேரத்தில் எந்தப் படுக்கைக்கு முதலில் போவது, அங்கே போய் என்ன செய்வது என்று முடிவெடுக்க முடியாது. அந்த முடிவுக்கு உதவுவதற்காகத்தான் திட்டம் எழுதுகிறோம். ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவருடைய திட்டம் படிப்படியாக எப்படி உருவாகிறது என்று பார்ப்போம். இவர் கற்பித்தலுக்காக அமைத்துக்கொண்ட நோயாளி. சேலத்து அரசு மருத்துவமனை வார்டுகளில் இப்படிப்பட்டவர்களைப் பார்க்காத மாணவர் அரிது.

## நோயாளி யார்?

வயது 52. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கூலி வேலை. எடை 54 கிலோ. முப்பது ஆண்டுகளாக நாளுக்கு ஒரு கட்டு பீடி. முழங்கால் வலிக்காக மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரைகளைப் பல மாதங்களாகச் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

நேற்று மதியம் திடீரென்று மேல்வயிற்றில் தாங்க முடியாத வலி. 108 ஆம்புலன்ஸில் மலையிலிருந்து இறக்கிச் சேலத்துக்குக் கொண்டுவந்தார்கள். நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே காற்று தெரிந்தது. முன்சிறுகுடலில் இருந்த புண் ஓட்டையாகிவிட்டது என்பதற்கான அடையாளம் அது. மேல்வயிற்றை நடுவில் திறந்து, ஓட்டையின் மேல் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு மடிப்பை வைத்துத் தைத்து மூடினார்கள். இரவு 9.30 மணிக்கு அறுவை முடிந்தது. இப்போது மறுநாள் காலை 8 மணி. மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப், வயிற்றில் ஒரு டிரெயின், சிறுநீருக்குக் கதீட்டர், கையில் டிரிப்ஸ். வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

## முதல் படி: மதிப்பீடு

திட்டமிடுதலுக்கு ஐந்து படிகள்: மதிப்பீடு, செவிலிய நோயறிதல், இலக்கும் திட்டமும், செயல்படுத்துதல், மறுமதிப்பீடு. இதில் மாணவர்கள் அவசரப்பட்டுத் தாண்டும் படி முதலாவதுதான். கேஸ் ஷீட்டில் இருப்பதை நகலெடுத்துவிட்டால் மதிப்பீடு முடிந்ததாக நினைக்கிறார்கள்.

காலை 8 மணிக்கு எடுத்த அளவுகள் இவை: வெப்பநிலை 100.2 டிகிரி ஃபாரன்ஹீட். நாடித் துடிப்பு நிமிடத்துக்கு 108. இரத்த அழுத்தம் 118/76. சுவாசம் நிமிடத்துக்கு 26, மேலோட்டமாக. ஆக்சிஜன் செறிவு 92 சதவீதம். சிறுநீர் மணிக்கு 35 மில்லி. டிரெயினில் இலேசான சிவப்பு நீர் 40 மில்லி. கட்டு நனையவில்லை.

இனி வலி. “ஐயா, வலி எப்படி இருக்கிறது? பூச்சியம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் பொறுக்கவே முடியாத வலி” என்று மாணவி கேட்கிறார். “ஐந்து இருக்கும் சிஸ்டர். பொறுத்துக்கொள்ளலாம்” என்கிறார் அவர். பெரும்பாலான கேர் பிளான்கள் இந்த ஐந்தை எழுதிக்கொண்டு நகர்ந்துவிடும். இரண்டாவது கேள்வியையும் கேட்க வேண்டும்: “ஒரு முறை இருமிக் காட்டுங்கள். இப்போது எவ்வளவு?” அவர் இருமவில்லை. வலது கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டுகிறார். “இருமினால் ஒன்பது. மூச்சை ஆழமாக இழுத்தால் தையல் பிரிந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.”

இந்தப் பதிலில்தான் திட்டம் தொடங்குகிறது. அசையாமல் படுத்திருக்கும்போது கேட்ட வலிக்கும் இருமும்போது உள்ள வலிக்கும் நான்கு எண் வித்தியாசம். அசையாமலும் இருமாமலும் இருந்துதான் அவர் ஐந்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார். ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்துக் கேட்டால் நுரையீரலின் இரண்டு அடிப்பகுதியிலும் காற்று நுழையும் ஒலி குறைவு, வலது பக்கம் இன்னும் குறைவு. தொண்டையில் சளி கரகரக்கிறது. தலையணை இல்லாமல் மட்டமாகப் படுத்திருக்கிறார்.

மருந்துச் சீட்டையும் மதிப்பீட்டின் பகுதியாகவே படிக்க வேண்டும். பாராசிட்டமால் 1 கிராம், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை, நரம்பு வழியாக. நள்ளிரவு 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதன் கீழே டிராமடால் 50 மில்லிகிராம், ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியிருக்கிறது. இரவு முழுவதும் ஒரு முறைகூடக் கொடுக்கப்படவில்லை. நோயாளி கேட்கவில்லை என்பதே காரணம். அப்படி ஒரு மருந்து தனக்கு எழுதப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது.

## இரண்டாம் படி: பிரச்சினைக்குப் பெயர் வைத்தல்

மருத்துவரின் நோயறிதல் ‘முன்சிறுகுடல் புண் துளை’. செவிலிய நோயறிதல் என்பது வேறு. நோய் காரணமாகவோ சிகிச்சை காரணமாகவோ இந்த மனிதரிடம் ஏற்பட்டிருக்கும், செவிலியரின் செயலால் மாறக்கூடிய நிலைக்கு வைக்கும் பெயர் அது. இந்தப் பெயர்களை ஒழுங்குபடுத்தும் முதல் மாநாடு அமெரிக்காவில் 1973இல் நடந்தது. மாணவர்கள் கையில் வைத்திருக்கும் நாண்டா பட்டியல் அதன் தொடர்ச்சி.

முழு வாக்கியத்துக்கு மூன்று உறுப்புகள்: பிரச்சினை, அதன் காரணம், அதற்குச் சான்று. நம் நோயாளிக்கு எழுதினால்:

1. பிரச்சினை: சளியை வெளியேற்றிச் சுவாசப் பாதையைத் தெளிவாக வைத்துக்கொள்ள முடியாத நிலை.
2. காரணம்: மேல்வயிற்றுக் காயத்தின் வலி, தையல் பிரியும் என்ற பயத்தால் இருமத் தயங்குதல், நீண்ட காலப் பீடிப் பழக்கத்தால் கூடுதலான சளி.
3. சான்று: சுவாசம் 26, ஆக்சிஜன் செறிவு 92, அடிநுரையீரலில் காற்றொலி குறைவு, தொண்டையில் சளிச் சத்தம், இருமும்போது வலி 9.

இதில் நடு உறுப்புக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘அறுவை சிகிச்சை காரணமாகச் சுவாசக் குறைபாடு’ என்று ஒரு மாணவர் எழுதினால் வாக்கியம் பொய்யாகிவிடாது, ஆனால் பயன்படாது. நடந்து முடிந்த அறுவையைச் செவிலியர் மாற்ற முடியாது. வலியை மாற்றலாம், பயத்தை மாற்றலாம், படுத்திருக்கும் நிலையை மாற்றலாம். காரணம் என்ற இடத்தில் எழுதுவது நம் கை எட்டும் பொருளாக இருந்தால், செய்ய வேண்டிய வேலைகள் அதிலிருந்தே வரிசையாகக் கிடைக்கும்.

காரணத்தைச் சரியாக எழுத உடலுக்குள் நடப்பது தெரிந்திருக்க வேண்டும். தொப்புளுக்கு மேலே வயிற்றைத் திறக்கும்போது உதரவிதானத்தின் அசைவு குறைகிறது. வலி அதற்கு ஒரு பகுதிக் காரணம்தான். வயிற்று உறுப்புகளைக் கையாண்டதால் எழும் அனிச்சைத் தடையும் உதரவிதானத்தை அடக்கிவைக்கிறது. மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. அடிநுரையீரலின் காற்றுப் பைகள் விரியாமல் சுருங்கி ஒட்டிக்கொள்கின்றன. அங்கே தேங்கும் சளியில் கிருமி வளர்ந்தால் சில நாட்களில் நிமோனியா. எனவே வலி மருந்து மட்டும் போதாது. வலி குறைந்த நேரத்தில் மூச்சை வேண்டுமென்றே ஆழமாக இழுக்கவும் வைக்க வேண்டும்.

## முன்னுரிமை: எண் வேறு, கை வைக்கும் வரிசை வேறு

இந்த நோயாளியை இரண்டு மாணவர்களிடம் கொடுத்தால் ஒருவர் ‘கடுமையான வலி’யை முதலில் எழுதுவார், மற்றவர் சுவாசத்தை முதலில் எழுதுவார். யார் சொல்வது சரி?

சுவாசம்தான் முதலாம் எண். சுவாசப் பாதை, சுவாசம், இரத்த ஓட்டம் என்ற வரிசை எல்லாருக்கும் தெரிந்ததே. வலி 9 என்பது கொடுமையானதுதான், ஆனால் இன்று மாலைக்குள் இவருடைய உயிருக்கு ஆபத்தாக வளரக்கூடியது 92 என்ற எண். அப்படியானால் முதல் வேலை மூச்சுப் பயிற்சியா? வலி 9ஆக இருக்கும்போது பயிற்சி கொடுத்தால் அவர் ஒரு முறை முயன்று பார்த்துவிட்டு அன்றைய நாள் முழுவதும் மறுத்துவிடுவார். தலைப்பக்கத்தை உயர்த்திய கையோடு வலி மருந்தைத்தான் தொட வேண்டும். திட்டத்தின் தாளில் சுவாசம் முதலாம் எண், வலி இரண்டாம் எண். செயல்படுத்தும் வரிசையில் வலி முந்திக்கொள்கிறது. இந்த இரண்டையும் மாணவர்கள் ஒன்றாக நினைப்பதால்தான் வகுப்பில் இவ்வளவு வாதம்.

தொற்று பற்றி ஒரு சொல். 100.2 டிகிரியைப் பார்த்ததும் ‘காயத் தொற்று’ என்று எழுதத் தோன்றும். முதல் இரண்டு நாட்களின் இலேசான காய்ச்சல் பெரும்பாலும் அறுவைக்கு உடல் காட்டும் எதிர்வினை. காயத்தில் சீழ் பிடிப்பது பொதுவாக அதற்குச் சில நாட்கள் கழித்தே தெரியவரும். ஆகவே அதைத் ‘தொற்று அபாயம்’ என்று மூன்றாம் இடத்தில் எழுதலாம். அபாயம் என்று எழுதும்போது சான்று என்ற உறுப்பு கிடையாது. அபாயக் காரணிகள் மட்டுமே. குடல் நீர் வயிற்றுக்குள் சிந்தியதும் புகைப் பழக்கமும் இங்கே அந்தக் காரணிகள்.

## மூன்றாம் படி: இலக்கு

‘நோயாளி நன்றாக மூச்சு விடுவார்’ என்பது விருப்பம். ‘மூச்சுப் பயிற்சி கற்றுக்கொடுத்தல்’ என்பது நம் வேலை. இலக்கு என்பது நோயாளியிடம் எந்த நேரத்துக்குள் எதைப் பார்ப்போம் என்பது. இவருக்கு:

பகல் 2 மணிக்குள் நோயாளி வயிற்றைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இருமிச் சளியை வெளியேற்றுவார். சுவாசம் 20 அல்லது அதற்குக் கீழ் இருக்கும். வெளி ஆக்சிஜன் இல்லாமல் செறிவு 94 அல்லது அதற்கு மேல் இருக்கும். இருமும்போது வலி 4ஐத் தாண்டாது.

வலி பூச்சியம் என்று எழுதவில்லை. வயிறு திறந்து அரை நாளில் அது நடக்காது. நடக்காத இலக்கை எழுதினால் மதியம் ‘நிறைவேறவில்லை’ என்று எழுதுவதைத் தவிர அதனால் எதுவும் தெரியாது. 94 என்ற எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதக் கூடாது. நீண்ட கால நுரையீரல் அடைப்பு நோய் ஏற்கெனவே உறுதியானவராக இருந்தால் மருத்துவர் 88 முதல் 92 வரை போதும் என்று சொல்லக்கூடும். பீடி பிடிப்பவர் என்பதால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டே எழுத வேண்டும். இவருக்கு அப்படி ஒரு நோய் பதிவாகவில்லை.

## நான்காம் படி: செயல்படுத்துதல்

ஒவ்வொரு செயலுக்கும் நேரம், அளவு, காரணம் மூன்றும் இருக்க வேண்டும்.

1. காலை 8.10. தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, முழங்காலைச் சற்று மடக்கி வைத்தல். குடல் கீழே இறங்கி உதரவிதானத்துக்கு இடம் கிடைக்கிறது. வயிற்றுத் தசையும் தளர்கிறது. சுவாச அளவுகளைப் பணி மருத்துவருக்குத் தெரிவித்து, ஆக்சிஜன் தேவையா என்று கேட்டல்.

2. காலை 8.30. எழுதப்பட்ட டிராமடாலைக் கொடுக்கும்படி வார்டு செவிலியரிடம் சொல்லி, அவர் மேற்பார்வையில் 100 மில்லி சலைனில் கலந்து மெதுவாக ஏற்றுதல். அதற்கு முன் வலிப்பு நோய் உண்டா என்று கேட்க வேண்டும். மயக்க நிலையையும் சுவாச எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். குமட்டல் வரலாம். வாந்தி எடுத்தால் தையலில் இழுப்பு விழும் என்பதால் குமட்டலுக்கு மருந்து எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் பாடநூல் வரி ஆபத்தாகவே மாறிவிடும். ‘வலி நிவாரணி கொடுத்தல்’ என்று பொதுவாக எழுதிவைத்தால், அடுத்த பணிநேரத்தில் வருபவர் வார்டில் சாதாரணமாகப் போடும் டைக்ளோஃபெனாக் ஊசியை நினைக்கலாம். இவருக்குக் குடல் புண் ஓட்டையானதற்கு அந்த வகை மாத்திரைகளே முக்கியக் காரணமாக இருந்திருக்கலாம். ‘டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் கூடாது’ என்பதைத் திட்டத்தில் தனி வரியாக எழுதி, மருந்துச் சீட்டிலும் குறிக்கச் சொல்ல வேண்டும்.

3. காலை 9.00. வலியை மீண்டும் அளந்த பிறகு பயிற்சி. ஒரு போர்வையை நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து, இரண்டு கைகளாலும் அவரே அழுத்திப் பிடிக்க வேண்டும். மூக்கில் டியூப் இருப்பதால் வசதிப்பட்ட வழியில் மெதுவாக மூச்சை இழுத்து, மூன்று விநாடி நிறுத்தி, விட வேண்டும். மூன்றாவது மூச்சின் முடிவில் இருமல். “கையால் தாங்கிப் பிடித்தால் தையலில் இழுப்பு விழாது” என்று சொல்வதோடு முதல் முறை மாணவியும் தன் கையை அவர் கைமேல் வைத்து அழுத்திக் காட்ட வேண்டும். பயம் பேச்சில் போவதைவிட இதில் சீக்கிரம் போகிறது.

4. மூன்று பந்து ஸ்பைரோமீட்டர், விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பத்து முறை. உறிஞ்ச வேண்டும், ஊதக் கூடாது. தொடர்ந்து பத்தையும் செய்தால் தலை சுற்றும்; இரண்டு மூன்று முறைக்கு ஒரு தடவை ஓய்வு.

5. காலை 10.30. மருத்துவர் அனுமதித்தபடி எழுந்து உட்காரவைத்தல். டிரெயின் பையும் சிறுநீர்ப் பையும் இழுபடாமல் எடுத்து வைத்துவிட்டு, ஒரு பக்கமாகத் திரும்பி, கட்டில் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு இரண்டு நிமிடம். தலை சுற்றவில்லை, நாடி ஏறவில்லை என்றால் நாற்காலிக்கு.

ரைல்ஸ் டியூப்பை மாணவர் தள்ளவோ இழுக்கவோ கூடாது. தைத்த இடம் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நாக்கு வறண்டு தண்ணீர் கேட்பார். ஈரத் துணியால் வாயைத் துடைத்து விடலாம், குடிக்கக் கொடுக்கக் கூடாது.

## திட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம்

நாடி 108 என்பதற்கு மூன்று விளக்கங்கள் உண்டு: வலி, உடலில் நீர்க்குறைவு, மூடிய ஓட்டை மீண்டும் கசிதல். மூன்றாவது உயிருக்கே ஆபத்து. எப்படிப் பிரித்தறிவது? வலி மருந்துக்குப் பிறகு 9.15க்கு நாடி 96 ஆனது. சிறுநீர் மணிக்கு 35 மில்லி. 54 கிலோ எடைக்கு, கிலோவுக்கு அரை மில்லி என்ற கணக்கில் 27 மில்லி இருந்தாலே போதும். டிரெயின் நீரில் பச்சையோ மஞ்சளோ இல்லை. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இப்போதைக்கு வலி என்பதே பொருந்துகிறது.

மாறாக, வலி குறைந்தும் நாடி ஏறிக்கொண்டே போனாலோ, டிரெயினில் பித்தநீரின் நிறம் தெரிந்தாலோ, வயிறு பலகைபோல் இறுகினாலோ, சிறுநீர் தொடர்ந்து இரண்டு மணி நேரம் 27 மில்லிக்குக் கீழே போனாலோ, செறிவு 90க்குக் கீழே இறங்கினாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே சொல்ல வேண்டும். இந்த வரம்புகளையும் கேர் பிளானில் எழுத வேண்டும். இரவு பணிக்கு வருபவருக்குப் பகல் செவிலியரின் மனக்கணக்கு தெரியாது.

## ஐந்தாம் படி: மறுமதிப்பீடு

பகல் 2 மணி. சுவாசம் 22. செறிவு 95. இருமும்போது வலி 4. கெட்டியான மஞ்சள் சளியை இரண்டு முறை வெளியே துப்பினார். இடது பக்கக் காற்றொலி நன்றாக இருக்கிறது, வலது அடிப்பகுதியில் இன்னும் குறைவு.

‘இலக்கு ஓரளவு நிறைவேறியது, திட்டத்தைத் தொடரவும்’ என்று எழுதி முடிப்பதுதான் வழக்கம். அங்கே நிற்கக் கூடாது. எந்தப் பகுதி நிறைவேறவில்லை, ஏன் என்று கேட்க வேண்டும். மாணவி பக்கத்தில் இருந்த நேரத்தில் ஸ்பைரோமீட்டரைச் சரியாகச் செய்திருக்கிறார். 11 மணிக்குப் பிறகு அவரே செய்தபோது குழாயை ஊதிக்கொண்டிருந்தார். பந்து ஏறவில்லை, கருவி கெட்டுவிட்டது என்று ஓரமாக வைத்துவிட்டார். செயல் சரியானது, அது நடைபெறவில்லை. ஆகவே திருத்தம்:

1. கூட இருக்கும் மனைவிக்கும் கருவியைச் சொல்லிக்கொடுத்து, அவரையே எண்ணவைத்தல். முதலில் ஒரு பந்து மூன்று விநாடி மேலே நின்றால் போதும்.
2. 12 மணி பாராசிட்டமாலுக்கு அரை மணி நேரம் கழித்து இருமல் பயிற்சி செய்ததுபோல, மாலை 6 மணி மருந்துக்குப் பிறகும் நேரம் குறித்தல்.
3. சளி கெட்டியாக இருப்பதையும் அதன் நிறத்தையும் மருத்துவரிடம் சொல்லி, நெபுலைசர் தேவையா என்று கேட்டல்.
4. புதிய இலக்கு நேரம் இரவு 8 மணி. வலது அடிப்பகுதியின் காற்றொலி தனியாகப் பதிவாக வேண்டும்.

## வீட்டுக்குப் போகும் திட்டமும் இன்றே

டிஸ்சார்ஜ் நாளில் எழுதும் அறிவுரை பெரும்பாலும் காதில் ஏறுவதில்லை. இவர் திரும்பிப் போவது இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே. தையல் பிரிப்பது, காயம் பார்ப்பது ஆகியவற்றை மலையிலேயே உள்ள அரசு மருத்துவமனையில் செய்துகொள்ள முடியுமா என்று விசாரித்து எழுதிக் கொடுத்தால் பாதிப் பயணம் மிச்சம். ‘கனமான வேலை கூடாது’ என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. ஆறு வாரத்துக்குக் காப்பி மூட்டை தூக்கக் கூடாது, மிளகு பறிக்க ஏணி ஏறக் கூடாது என்று எழுதினால் மேஸ்திரியிடம் காட்டவும் உதவும்.

முழங்கால் வலி எங்கும் போய்விடாது. ஊருக்குப் போன முதல் வாரத்திலேயே கடை மாத்திரையின் நினைவு வரும். அந்த மாத்திரையின் அட்டையை மனைவி பையில் வைத்திருந்தால் வாங்கிப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு, அதே அட்டையைக் காட்டி “இது இனி வேண்டாம்” என்று சொல்ல வேண்டும். மாற்று என்ன என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கித் தர வேண்டும். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மருந்து எழுதினால், வலி நின்ற பிறகும் முழு நாட்களுக்கும் சாப்பிட வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைத்து, சொன்னதைத் திட்டத்தில் தேதியோடு பதிய வேண்டும்.